முதல் சீட்டு உறவுக்காரருக்கு

திருவண்ணாமலையில் இரண்டு தலைமுறையாக நடக்கும் மளிகை, ஜவுளி, பாத்திரக் கடைகளில் யாருக்கு என்ன வேலை என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "எல்லாரும் எல்லாத்தையும் பாத்துக்குவோம்." அண்ணன் கல்லாவில் இருப்பார். தம்பி கொள்முதலுக்குப் போவார். மச்சான் குடோனையும் மொத்த வியாபாரத்தையும் பார்ப்பார். அக்கா மகன் பில் போடுவான். இவர்களோடு பத்து, இருபது வருஷமாக அதே கடையில் நிற்கும் சம்பள ஆட்கள் இருப்பார்கள். கடை ஒரே வாசலோடு இருந்தவரை இந்த ஏற்பாட்டில் பெரிய குறை தெரியவில்லை. பைபாஸ் பக்கம் இரண்டாவது கிளை வந்தது, கணக்கு கம்ப்யூட்டருக்குப் போனது, படித்து முடித்த மகன் கடைக்கு வந்தான். வந்தவன் முதலில் சொல்லும் யோசனைகளில் ஒன்று, ஒவ்வொருவருக்கும் வேலைப் பொறுப்பை எழுதிக் கொடுத்து, வருஷத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ வேலையை மதிப்பிடலாம் என்பது.

பெரிய நிறுவனங்களில் பழகிப்போன இந்த வழக்கம், உறவும் கூலியும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் கடைக்கு எந்த அளவு பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதப்பட்ட பொறுப்பு இந்தக் கடைகளுக்கு மிகவும் தேவை. ஆனால் அது உறவுக்காரர்களிடமிருந்து தொடங்கவேண்டும். மதிப்பீடு அதற்குப் பின்னால் வரவேண்டும். இந்த வரிசை மாறினால் இரண்டுமே கடைக்குக் கேடாக முடியும்.

செட்டிநாட்டுச் சம்பளச் சீட்டு

உறவையும் வேலையையும் காகிதத்தில் பிரித்து வைப்பது வெளியிலிருந்து வந்த பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்பே அதை மிகத் தெளிவாகச் செய்தவர்கள் நகரத்தார்கள். பர்மா, மலேயா, இலங்கை என்று பரவியிருந்த அவர்களுடைய வட்டிக்கடைகளில் முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில் இருந்தார். கடையை நடத்தியவர் அவர் அனுப்பிய மேலாள். அந்த மேலாள் பல நேரங்களில் உறவுக்காரராகவோ தெரிந்த குடும்பத்துப் பிள்ளையாகவோ இருப்பார். ஆனாலும் எழுத்து இல்லாமல் அவர் கப்பல் ஏறவில்லை. வழக்கமாக மூன்று வருஷத் தவணைக்குச் சம்பளம் பேசிச் சீட்டு எழுதப்பட்டது. அதில் ஒரு பங்கு புறப்படும் முன்பே குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டது. கடையின் பேரில் கொடுக்கல் வாங்கல் செய்ய அவருக்கு அதிகாரப் பத்திரம் இருந்தது. கடைக் கணக்கு ஊருக்குத் தவறாமல் போய்ச் சேர்ந்தது. தவணை முடிந்ததும் அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, ஐந்தொகையோடு முதலாளி முன்னால் உட்காரவேண்டும். அடுத்த தவணை உண்டா, சம்பளம் கூடுமா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வேலையில் படிகளும் இருந்தன. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் கணக்குப் பழகி, அடுத்தாளாகி, பிறகு மேலாளாவான். முதலாளியின் மகனேயானாலும் இந்தப் படிகளில் ஏறித் தொழில் பழகுவதே வழக்கமாகக் கருதப்பட்டது.

வீட்டுக்குள்ளும் இதே ஒழுங்கு ஓடியது. மகனுக்குத் திருமணமானதும் 'வேறு வைப்பார்கள்'. ஒரே வீடு, ஒரே முற்றம். ஆனால் அடுப்பும் கணக்கும் தனி. வருஷத்துக்கு இவ்வளவு பணம், இவ்வளவு நெல் என்று ஒதுக்கிக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் குடும்பம் அதற்குள் நடத்திக்கொள்ளவேண்டும். கூட்டுக்குடும்பமாக இருந்தும் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்ற சண்டைக்கு இடம் குறைந்ததற்கு இந்த ஏற்பாடு ஒரு காரணம்.

இந்த முறையின் பலம் இரண்டு. உறவுக்காரருக்கும் அயலாருக்கும் ஒரே மாதிரிச் சீட்டு என்பது ஒன்று. வேலைக்குத் தவணை உண்டு, தவணை முடிவில் கணக்கு உண்டு என்பது மற்றொன்று. 'எப்போது வேண்டுமானாலும் கேட்பார்கள்' என்ற பயமும் இல்லை, 'எப்போதும் கேட்கமாட்டார்கள்' என்ற துணிச்சலும் இல்லை.

பலவீனமும் அதே இடத்தில் இருந்தது. ஐந்தொகை கடையின் நிலையைச் சொல்லும். அந்த நிலைக்கு மேலாள் எவ்வளவு காரணம் என்று சொல்லாது. 1930ல் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த விளைநிலம் 6 விழுக்காடு. 1938ல் அது 25 விழுக்காடு. அவர்கள் தொழில் பணம் கொடுத்து வாங்குவது. நிலம் சேர்ப்பது அவர்கள் நோக்கமல்ல. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கிய விவசாயி கட்ட முடியாமல் போனதால் அடமான நிலம் கைக்கு வந்து குவிந்தது. அந்த வருஷங்களில் திரும்பிய ஒரு மேலாளின் கணக்கில் ரொக்கம் குறைந்து நிலம் கூடியிருந்தால், அது அவருடைய கவனக்குறைவா, சந்தையின் வீழ்ச்சியா? கடைசித் தொகையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆளை அளக்கும்போது சூழ்நிலையைக் கழித்துப் பார்க்கவேண்டும் என்ற பாடம் இங்கே இருக்கிறது. திருவண்ணாமலைக் கடைக்கு அது நேராகப் பொருந்தும்.

ஒரு மளிகைக் கடை, ஒரு கடன் நோட்டு

இந்த ஊர்க் கடைகளின் பொது அமைப்பை வைத்து ஒரு மளிகைக் கடையை மனத்தில் வரைந்துகொள்வோம். அண்ணன் தம்பி இருவர் பங்காளிகள். அண்ணனின் மச்சான் மொத்த வியாபாரத்தைப் பார்க்கிறார்; செங்கம், தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துச் சின்னக் கடைக்காரர்கள் அவரிடம் சரக்கு எடுக்கிறார்கள். சில்லறை கவுண்டரில் சம்பள ஆள் ஒருவர். பத்தொன்பது வருஷப் பழக்கம். இன்னும் ஆறேழு பேர் பொட்டலம் கட்டவும், மூட்டை இறக்கவும், வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவும் இருக்கிறார்கள்.

அண்ணன் மகன் முதல் மதிப்பீட்டை நடத்துகிறான். மூன்று மாத விற்பனையை எடுக்கிறான். மச்சான் வழியாக 12 லட்சம். கவுண்டர் ஆள் வழியாக 7 லட்சம். மச்சானுக்கு முதல் இடம், கவுண்டர் ஆளுக்கு "சுமார்". கவுண்டர் ஆள் எதுவும் பேசவில்லை. ஆனால் தம்பி கடன் நோட்டைக் கொண்டுவந்து வைக்கிறார். அந்த 12 லட்சத்தில் நாலரை லட்சம் நாற்பத்தைந்து நாள் கடந்தும் வசூலாகவில்லை. கவுண்டரில் விற்ற 7 லட்சமும் கைக்கு வந்துவிட்ட பணம்.

இப்போது மச்சானைக் கீழே இறக்கலாமா? நோட்டை இன்னும் கொஞ்சம் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. நாலரை லட்சத்தில் இரண்டரை லட்சம் இரண்டு கடைக்காரர்களிடம் நிற்கிறது. அவர்கள் இருவருக்கும் "நம்மூரு ஆளு, குடு" என்று சொன்னவர் அண்ணன். ஒருவர் அவருடைய கல்யாணப் பத்திரிகை வட்டத்தைச் சேர்ந்தவர். இன்னொருவர் மச்சானின் ஊர்க்காரர். மச்சான் தயங்கியபோதும் சரக்கு போயிருக்கிறது. ஆக, விற்பனைக்கு மச்சானைப் பாராட்டியதும் தவறு. கடனுக்கு அவரை மட்டும் குறைசொல்வதும் தவறு. யார் எவ்வளவு வரை கடன் கொடுக்கலாம், அதற்கு மேல் யார் கையெழுத்துப் போடவேண்டும் என்று எங்கும் எழுதியில்லை. எழுதாத அதிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிய மதிப்பெண் போட்டால் அது யாருக்கும் நியாயமாக இருக்காது.

இங்கேதான் முதலில் சொன்ன வரிசை முக்கியமாகிறது. பொறுப்பு எழுதப்படும்வரை மதிப்பீட்டுக்கு அடித்தளமே இல்லை.

சீட்டில் என்ன இருக்கவேண்டும்

பொறுப்புச் சீட்டு எழுதும் கடைகள் பெரும்பாலும் வேலைகளின் பட்டியலை எழுதி நிறுத்திவிடுகின்றன. காலையில் கடை திறத்தல், சரக்கு அடுக்குதல், தூசு தட்டுதல் என்று பதினைந்து வரி இருக்கும். அவையெல்லாம் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும். தெரியாதது அதிகாரத்தின் எல்லை. ஆகவே சீட்டுக்கு நாலு கேள்விகள் போதும்: என்ன வேலை, எதுவரை தானே முடிவெடுக்கலாம், யாருக்குப் பதில் சொல்லவேண்டும், தான் இல்லாத நாளில் யார்?

மேலே பார்த்த மச்சானுக்கு அப்படி ஒரு சீட்டு எழுதினால் இவ்வாறு இருக்கும்:

"மொத்த வியாபாரம் இவர் பொறுப்பு. ஒரு கடைக்கு நிலுவை 20,000 ரூபாய் வரை இவரே கடன் கொடுக்கலாம். அதற்கு மேல் என்றால் பங்காளிகள் இருவரில் ஒருவர் கடன் நோட்டில் கையெழுத்திடவேண்டும், வாய்ச்சொல் போதாது. 45 நாள் தாண்டிய நிலுவை உள்ள கடைக்குப் புதிய சரக்கு இல்லை. விலையில் மூட்டைக்கு இவ்வளவு வரை குறைக்கலாம். நிலுவைக் கணக்கை மாதம் முதல் திங்கட்கிழமை இளைய பங்காளியிடம் காட்டவேண்டும். இவர் ஊரில் இல்லாதபோது பில் போடுபவர் பார்ப்பார். ஆனால் புதுக் கடன் கொடுக்கமாட்டார்."

இதில் 'வாய்ச்சொல் போதாது' என்ற வரி மச்சானைக் கட்டவில்லை, பங்காளிகளைக் கட்டுகிறது. நல்ல சீட்டு எது என்று கண்டுபிடிக்க இதைவிடச் சிறந்த சோதனை எனக்குத் தெரியவில்லை. முதலாளியின் கையை ஒரு இடத்திலாவது கட்டாத சீட்டு, வேலை ஏவுவதற்கான காகிதம் மட்டுமே.

எழுதும் முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு பௌர்ணமியும் சில சாதாரண நாட்களும் சேரும்படி இரண்டு வாரத்துக்குக் கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு வைக்கவேண்டும். "யாரைக் கேக்கணும்?" என்று யாராவது கேட்கும் ஒவ்வொரு முறையும் எதைப் பற்றிக் கேட்டார்கள் என்று ஒரு வரி எழுதவேண்டும். விலைக் குறைப்பு, திருப்பி எடுத்தல், அவசரக் கொள்முதல், முன்பணம், லீவு என்று அந்த நோட்டில் சேர்பவைதான் சீட்டில் எழுதவேண்டிய விஷயங்கள். மற்றவை தாமாகவே நடக்கின்றன. அவற்றை எழுதிக் காகிதத்தை நீட்டவேண்டியதில்லை.

குடும்பத்தாருக்கு மட்டும் இன்னொரு தாளும் வேண்டும். கடையில் உழைப்பதற்கான சம்பளம், முதல் போட்டதற்கான பங்கு, வீட்டுச் செலவுக்கு எடுப்பது ஆகிய மூன்றும் இந்தக் கடைகளில் கல்லாவுக்குள்ளேயே கலந்து கிடக்கின்றன. தம்பி பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்தது, அண்ணன் வீட்டுக்குப் போன எண்ணெய் டின், மச்சானுக்குக் கொடுத்த வண்டி எல்லாம் ஒரே ஓட்டத்தில் போகும். மாலையில் கல்லா குறைந்தால் சந்தேகம் யார் மேல் விழும்? சம்பள ஆள் மேல்தான். உறவுக்காரர் எடுத்ததற்கு எழுத்து இல்லாததால், எடுக்காதவர் பழி சுமக்கிறார். நகரத்தார் 'வேறு வைத்தது' போல மாதத் தொகையை ஒதுக்கிவிட்டு, அதற்கு மேல் எடுக்கும் எதற்கும், முதலாளி உட்பட, கல்லாவில் சீட்டு போடும் வழக்கம் வந்தால், பொறுப்புச் சீட்டின் பாதி வேலை முடிந்துவிடும். பங்கையும் சம்பளத்தையும் பிரிப்பதில் இன்னொரு நன்மை உண்டு. வேலை சரியில்லாத பங்காளியின் சம்பளத்தைப் பற்றிப் பேசலாம், அவருடைய பங்கைத் தொடாமல். பிரிக்காத கடையில் வேலையைப் பற்றிய ஒவ்வொரு பேச்சும் சொத்தைப் பற்றிய பேச்சாக மாறிவிடுகிறது.

மதிப்பீடு தவறும் இடங்கள்

சீட்டு எழுதி ஒரு வருஷம் ஓடியபிறகு மதிப்பீட்டுக்கு வரலாம். அதில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கும்.

முதலாவது, காலம். இந்த ஊரின் வியாபாரம் சமமாக ஓடுவதில்லை. பௌர்ணமி இரவில் பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதை நிரம்பும்போது ஊருக்குள் ஒரு வியாபாரம், மறுநாள் வேறொன்று. கார்த்திகை தீபத்தின் பத்து நாள் திருவிழாவில் வரும் கூட்டத்தை மற்ற மாதங்களோடு ஒப்பிடவே முடியாது. பௌர்ணமியன்று முன் கவுண்டரில் நிற்பவருடைய விற்பனை கூடும். பின்னால் குடோனிலிருந்து கற்பூரமும் நெய்யும் எண்ணெயும் தட்டாமல் எடுத்துக் கொடுத்தவருடைய பெயர் எந்தப் பில்லிலும் இருக்காது. யார் முன்னால் நிற்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? பல கடைகளில் அந்த இடம் உறவுக்காரப் பையனுக்குப் போகிறது. பிறகு அவன் விற்பனையைக் காட்டி அவனை உயர்த்துவது, கொடுத்த இடத்துக்கே மதிப்பெண் போடுவதாகும். தீபம் முடிந்த கையோடு மதிப்பிட்டால் அந்தப் பத்து நாளின் பளபளப்பும் கோபமும் மட்டுமே நினைவில் நிற்கும். மீதி வருஷம் மறைந்துபோகும். பொங்கல் கழிந்த தையிலும், வியாபாரம் மெதுவாக இருக்கும் ஆடியிலும் மதிப்பிடுவது நல்லது. விற்பனையைவிட, அவரவர் கைக்குள் இருப்பதை அளக்கவேண்டும். கல்லாவில் இருப்பவருக்கு நாள் முடிவில் வரும் வித்தியாசம். குடோன்காரருக்குக் காலாவதியாகி ஒதுக்கிய சரக்கும், இருப்பு இருந்தும் "இல்லை" என்று வாடிக்கையாளரை அனுப்பிய தடவைகளும். மொத்த வியாபாரத்துக்கு உரிய நாளில் வசூலான விகிதம். ஒருவருக்கு இரண்டு மூன்று அளவுகளுக்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது, யார் மதிப்பிடுவது. தமிழ்க் குடும்பத்தில் மூத்தவரை இளையவர் உட்காரவைத்து "உங்கள் வேலையில் இது குறை" என்று சொல்வது நடைமுறையில் நடக்காது; நடந்தாலும் அந்தப் பேச்சு கடையோடு நிற்காது. மச்சானின் மதிப்பீடு அன்று இரவே அவருடைய அக்காவிடம் போகும். அந்த அக்கா முதலாளியின் மனைவி. மறுநாள் கடைக்கு வரும் முதலாளி வேறு மனிதராக வருவார். இதற்கு மதிப்பெண் முறை மருந்தல்ல. மதிப்பெண் போடும் கடைகளில் என்ன நடக்கிறது என்பதைத் தாளைப் பார்த்தாலே கண்டுபிடிக்கலாம்: உறவுக்காரர் எல்லாருக்கும் ஐந்துக்கு ஐந்து அல்லது நாலரை, சம்பள ஆட்களுக்கு மூன்று. இரண்டு வருஷம் அப்படியே இருந்தால் அதில் மதிப்பீடு எதுவும் இல்லை, உறவுமுறைப் பட்டியல்தான் இருக்கிறது. ஆளைப் பற்றிப் பேசாமல் பொறுப்பின் கணக்கைப் பற்றிப் பேசினால் இந்தச் சிக்கல் பாதி குறையும். "மாமா, நாப்பத்தஞ்சு நாள் தாண்டுன பாக்கி போன தையில ஒன்ற லட்சம், இப்ப ரெண்டே முக்கால். எந்தக் கடைங்க? நாம என்ன பண்ணலாம்?" என்று நோட்டை நடுவில் வைத்துத் தொடங்கும் பேச்சில் மரியாதை கெடுவதில்லை. ஆளை அளக்காமல் அவர் பொறுப்பைக் கேட்பது எந்த வயதிலும் ஏற்கத்தக்கது. நெருங்கிய உறவைத் தவிர்த்து, இன்னொரு பங்காளியோ, வெளியிலிருந்து கணக்குப் பார்க்கும் ஆடிட்டரோ உடனிருப்பது மேலும் நல்லது.

மூன்றாவது, பணத்தோடு முடிச்சுப் போடுவது. இருபது பேருக்குக் குறைவாக இருக்கும் கடைகளைப் போனஸ் சட்டம் பொதுவாகக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனாலும் தீபாவளிக்குப் போனஸும் துணியும் கொடுப்பது இந்த ஊரில் கடையின் கௌரவம். மதிப்பீட்டை அதோடு சேர்த்துவிட்டால், வழக்கமாகக் கிடைத்தது இனி நடத்தைக்கான கூலி ஆகிவிடும். குறைத்து வாங்கியவர் அதைச் சம்பளக் குறைவாக நினைக்கமாட்டார். ஊர் முன்னால் பட்ட அவமானமாக நினைப்பார். தீபாவளிப் போனஸ் எல்லாருக்கும் ஒரே கணக்கில் போகட்டும். மதிப்பீட்டின் விளைவு அடுத்த வருஷச் சம்பள உயர்விலும், அதைவிட முக்கியமாகச் சீட்டில் எழுதிய அதிகாரத்தின் எல்லையிலும் தெரியட்டும். வசூலில் ஒழுங்காக இருக்கும் ஆளுக்குக் கடன் எல்லையை 20,000 ரூபாயிலிருந்து 30,000 ஆக்குவது அவருக்கு ஒரு மரியாதை. அந்த உயர்வுக்கு முதலாளியின் மனநிலை காரணமல்ல, கணக்கு காரணம் என்பது கடைக்கே தெரியும்.

சம்பள ஆளின் பக்கம்

இதுவரை சொன்னவை குடும்பத்தைச் சுற்றியே வந்தன. சம்பள ஆள் இந்தக் காகிதத்தை எப்படிப் பார்க்கிறார்? பத்தொன்பது வருஷம் வாய்ச்சொல்லில் வேலை செய்தவர் முன்னால் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், அவர் முதலில் கேட்கும் கேள்வி வேலையைப் பற்றியதாக இருக்காது. "இதுல கையெழுத்துப் போட்டா, இனிமே பொண்ணு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் கேட்டா குடுக்கமாட்டீங்களா, மொதலாளி?" என்பார்.

இந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்கக்கூடாது. சம்பளம் குறைவாக இருந்தும் பல வருஷம் ஒரே கடையில் ஆட்கள் நின்றதற்குக் காரணம் எழுதாத பொறுப்புகள். பிள்ளையின் படிப்புக்கு முன்பணம், வீட்டில் சாவு என்றால் கேட்காமலே வரும் பணம், உடம்பு சரியில்லாத மாதத்தில் பிடிக்காத சம்பளம். எழுத்து வரும்போது எழுதாதவை எல்லாம் ரத்தாகிவிட்டன என்று அவர் நினைப்பது இயல்பு. சில முதலாளிகள் அப்படியே ரத்தும் செய்துவிடுகிறார்கள். வேலையைக் காகிதப்படி கேட்கிறார்கள், உதவியைக் காகிதத்தில் இல்லை என்கிறார்கள். இந்த வழக்கத்தின் மேல் வைக்கக்கூடிய மிகக் கடுமையான குற்றச்சாட்டு இதுதான் என்று கருதுகிறேன். பதில் எளிது, செலவு உள்ளது: முன்பணம் எவ்வளவு வரை, எத்தனை மாதத்தில் திரும்பக் கழிப்பது, எந்தச் சமயத்தில் கழிக்காமல் விடுவது என்பதையும் அதே தாளில் எழுதிவிடவேண்டும். முதலாளி கேட்பதை மட்டும் எழுதாமல், கொடுப்பதையும் எழுதும்போதுதான் அது இரு பக்கச் சீட்டு ஆகிறது.

சட்டத்தையும் இங்கே பார்க்கவேண்டும். 1947ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது. முறைப்படி விசாரித்து, சாட்சியத்தோடு நிரூபித்த ஒழுங்கீனத்துக்கு மட்டுமே முன்னறிவிப்பு தேவையில்லை. நிறுத்தப்பட்டவர் மேல்முறையீடும் செய்யலாம். ஆகவே மதிப்பீட்டுத் தாள் இரண்டு பக்கமும் பேசும் சாட்சி. நாலு வருஷம் "நன்று" என்று எழுதிவிட்டு ஐந்தாம் வருஷம் "சரியில்லை, நின்றுவிடு" என்றால் அந்தத் தாளே ஆளின் கையில் ஆதாரமாகும். ஆளை வெளியேற்றக் காகிதம் சேர்க்கும் எண்ணத்தோடு மதிப்பீட்டைத் தொடங்கும் முதலாளிக்கு இது எச்சரிக்கை. நேர்மையாக நடத்துபவருக்குப் பாதுகாப்பு.

2021ல் இதே சட்டத்தில் வந்த திருத்தம் இன்னொரு பாடம் சொல்கிறது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்கவேண்டும் என்று தமிழ்நாடு அப்போது சட்டமே இயற்றவேண்டியிருந்தது. பன்னிரண்டு மணிநேரம் நின்றுகொண்டே விற்பது 'வேலை' என்று எல்லாரும் எழுதாமலே ஒப்புக்கொண்டிருந்ததால்தான் அந்தச் சட்டம் தேவைப்பட்டது. கல்லாவில் முதலாளி வீட்டார் உட்கார்ந்திருக்க, கவுண்டரில் சம்பள ஆட்கள் நின்றார்கள். எழுதாத வழக்கம் எப்போதும் பாசத்தின் பக்கமே நிற்கும் என்பது உண்மையல்ல; வலுவானவர் பக்கமும் அது நிற்கும். அதனால்தான், எழுத்து உறவைக் கெடுக்கும் என்ற வாதத்தை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. எழுத்து இல்லாத கடையில் உறவு கெடாமல் இருப்பதற்கு விலை கொடுப்பவர் பல நேரங்களில் உறவில்லாதவர்.

"அது என் வேலை இல்லை"

இன்னொரு எதிர்ப்பும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. பொறுப்பு எழுதியபிறகு, பௌர்ணமி மாலை லாரி வந்து நிற்கும்போது "மூட்டை இறக்குறது என் சீட்டுல இல்ல" என்று ஒருவர் சொன்னால் கடை நின்றுபோகும். சின்னக் கடையின் உயிரே ஆள் மாறி ஆள் கைகொடுப்பதில்தான் இருக்கிறது. இந்த ஆபத்து உண்மையானது. ஆனால் அப்படிச் சொல்பவர் யார் என்று கவனித்தால் நோய் தெரியும். சம்பள ஆள் மட்டும் சொல்கிறார் என்றால், உறவுக்காரர் எவரும் மூட்டை தொடாத கடை அது. அங்கே சீட்டைக் குறைசொல்லிப் பயனில்லை. பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் தனியாக ஒரு நாள்பட்டியல் எழுதி, அதில் குடும்பத்தார் பெயரையும் சேர்த்து, யார் எந்த நேரத்துக்கு எங்கே, யார் எப்போது சாப்பிடப் போகலாம் என்று முன்தினமே ஒட்டிவிடும் கடையில் இந்தச் சொல் அநேகமாக எழாது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு எல்லை மிஞ்சுகிறது. நாலு பேர் மட்டும் உள்ள கடைக்கோ, கணவனும் மனைவியும் ஒரு பையனும் நடத்தும் பூஜைப் பொருள் கடைக்கோ இதெல்லாம் தேவையில்லை. கடன் எல்லையும் கல்லாச் சீட்டும் மட்டும் போதும். பங்காளிகளுக்குள் சொத்துப் பிரிவினைச் சண்டை ஏற்கெனவே நடக்கும் கடையிலும் இதைத் தொடங்கக்கூடாது. அங்கே எந்தத் தாளும் வழக்குக்கான ஆவணமாகவே வாசிக்கப்படும். முதலில் பங்கு தீரவேண்டும்.

மற்ற கடைகளுக்கு என் பரிந்துரை இது. முதல் வருஷம் மதிப்பீடே வேண்டாம். குடும்பத்தாரின் எடுப்பை ஒதுக்கி எழுதுங்கள். பங்காளிகளிலிருந்து தொடங்கி உறவுக்காரர் ஒவ்வொருவருக்கும் சீட்டு எழுதி, அதைச் சம்பள ஆட்கள் படிக்கும்படி வையுங்கள். அதன்பிறகே அவர்களுக்கு எழுதுங்கள், கொடுப்பதையும் சேர்த்து. இரண்டாம் வருஷம் ஆடியில் முதல் மதிப்பீட்டைப் பெரிய பங்காளியின் சீட்டிலிருந்து தொடங்குங்கள்: கையெழுத்து இல்லாமல் எத்தனை முறை கடன் கொடுக்கச் சொன்னார், கல்லாவில் சீட்டு இல்லாமல் எத்தனை முறை எடுத்தார். அந்த இரண்டு எண்களையும் அவர் கடை ஆட்கள் முன்னால் வாசிக்கத் தயாராக இருந்தால் மற்றவர்களுடைய மதிப்பீட்டுக்குப் போகலாம். தயாராக இல்லையென்றால் மதிப்பீட்டை இன்னொரு வருஷம் தள்ளிவைப்பதே அந்தக் கடைக்கு நல்லது.